வலேரியன் மாத்திரையுடன் 14 மாதங்கள்: காலை மந்தத்தின் காரணத்தைக் கண்டறிந்த கதை

எனக்கு வயது 58. திருச்சியில் கணக்கர் வேலை பார்க்கிறேன். தினமும் காலை எட்டரை மணிக்கு ஸ்கூட்டரில் அலுவலகம் செல்கிறேன். இரவில் படுத்து ஒன்றரை மணி நேரமாகியும் தூக்கம் வராத நிலை ஆண்டுக்கணக்கில் நீடித்ததால், மருத்துவர் குளோனசிபாம் 0.5 மில்லிகிராம் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மகள், அங்கே மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் 'பால்ட்ரியான்' மாத்திரையை, அதாவது வலேரியன் வேரின் உலர்சாற்றை, ஒரு விடுமுறைக்கு வரும்போது வாங்கி வந்தாள். மாத்திரை ஒன்றில் 600 மில்லிகிராம் சாறு இருந்தது. புட்டியைத் திறந்தால் பல நாள் துவைக்காத காலுறையின் வாடை அடிக்கும். வேரில் உள்ள ஐசோவலேரிக் அமிலமே அதற்குக் காரணம். எங்கள் வீட்டுப் பூனை மட்டும் அந்தப் புட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

முதல் பத்து நாள்களில் எந்த மாற்றமும் தெரியவில்லை. வலேரியன் அன்றிரவே வேலை செய்யும் மருந்தன்று என்பதும், தொடர்ந்து இரண்டு முதல் நான்கு வாரங்கள் எடுத்த பிறகே பலனை மதிப்பிட வேண்டும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பொறுமையிழந்து நான் செய்த தவறு இதுதான்: குளோனசிபாமை நிறுத்தவும் இல்லை, மருத்துவரிடம் சொல்லவும் இல்லை, இரண்டையும் ஒன்றாக விழுங்கத் தொடங்கினேன். மூலிகைதானே, அது மாத்திரையின் கணக்கில் சேராது என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வாரங்களில் தூக்கம் நன்றாக வந்தது, ஆனால் காலை கெட்டுப்போனது. ஏழு மணிக்கு எழுந்தாலும் பத்து மணி வரை தலைக்குள் ஈரத்துணியை வைத்ததுபோல் இருக்கும். ஒரே வரிசை எண்களை மூன்று முறை கூட்டினால் மூன்று விடை வரும். இதற்கெல்லாம் வலேரியனே காரணம் என்று முடிவு செய்து மகளிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அந்த முடிவு பாதிதான் சரி என்பது பிறகு தெரிந்தது.

திருப்பம் ஒரு சளிக் காய்ச்சலில் வந்தது. மூக்கொழுகலுக்கு இரவு எட்டு மணிக்குச் செட்டிரிசின் ஒன்று, பதினொன்றரை மணிக்கு வழக்கமான இரண்டும் எடுத்துக்கொண்டு படுத்தேன். மூன்று மணிக்குக் கழிவறைக்கு எழுந்தபோது கால்கள் என் சொல்லைக் கேட்கவில்லை; சுவரைப் பிடித்தும் சரிந்து, தோள்பட்டை கதவில் மோதியது. என் மனைவி வந்து பேச்சுக் கொடுத்தபோது நான் குழறிக் குழறிப் பதில் சொன்னேனாம். எனக்கு அது நினைவில்லை. மறுநாள் மருத்துவரிடம் மூன்றையும் மேசைமேல் வைத்தோம்.

அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். மூளையைச் சாந்தப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் இயங்கும் வாயிலில் குளோனசிபாம் அமர்ந்து அதன் வேலையை வலுப்படுத்துகிறது. வலேரியனில் உள்ள வலேரினிக் அமிலமும், மென்மையாகவும் வேறோர் இடத்திலும் என்றாலும், அதே வாயிலைத்தான் தொடுகிறது. செட்டிரிசின் வேறு வழியாக மயக்கம் தருவது. மூன்றும் சேரும்போது விளைவு கூடும். எவ்வளவு கூடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதில் மதுவும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும் அபாயம் உண்டு. தட்டினாலும் எழாத ஆழ்ந்த மயக்கமோ, மிக மெதுவான மூச்சோ, உதட்டில் நீலமோ தெரிந்தால், தூங்கட்டும் என்று விடாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்று என் மனைவியிடம் தனியாகவே சொன்னார்.

காலை மந்தத்தைப் பற்றி அவர் போட்ட கணக்குதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. குளோனசிபாமின் அளவு உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 முதல் 40 மணி நேரமாகும். எனவே இன்றிரவு விழுங்கிய 0.5 மில்லிகிராமில் பாதிக்கும் மேல் நாளை இரவிலும் மிஞ்சியிருக்கும். அதன்மேல் அடுத்த மாத்திரை ஏறும். ஒரு வாரத்தில் உடலில் ஒற்றை மாத்திரையைப் போல் இரண்டரை மடங்கு அளவு நிலைத்துவிடும். இந்த அடித்தளத்தின்மேல் நள்ளிரவை நெருங்கி எடுக்கும் வலேரியன் சிறு பாரம்தான், ஆனால் கட்டை வண்டியைச் சாய்க்கக் கடைசி மூட்டை போதும்.

அதன்பின் சிறு நோட்டில் மாத்திரை எடுத்த நேரம், காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் தலை எப்படி இருந்தது என்பதை எழுதிவந்தேன். மருத்துவர் முதலில் வலேரியனை நிறுத்தச் சொன்னார், பின்பு குளோனசிபாமை 0.25 ஆக்கி நான்கு வாரம், அதில் பாதியாக இன்னும் நான்கு வாரம் என்று இறக்கினார். ஒரேயடியாக நிறுத்தியிருந்தால் தூக்கமின்மை முன்பைவிடக் கடுமையாகத் திரும்பியிருக்கும், நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு வலிப்புகூட வரலாம் என்பதால் அந்த வேலையை நானாகச் செய்யவில்லை. குறைத்த முதல் வாரம் மூன்று இரவுகள் மோசமாகவே கழிந்தன. குளோனசிபாம் முற்றிலும் நின்ற பிறகு அவர் அனுமதியுடன் வலேரியனை மட்டும் மீண்டும் தொடங்கினேன்.

தனியாக எடுத்தபோது நோட்டு வேறு கதை சொன்னது. இரவு ஒன்பதரைக்கு எடுத்துப் பத்தரைக்குப் படுத்த நாள்களில் காலை தெளிவாகவே இருந்தது. பன்னிரண்டு மணிக்கு எடுத்த நாள்களில் மட்டும் எட்டு மணி வரை சோம்பல் இருந்தது. பலனைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: தூக்கம் பிடிக்கும் நேரம் சற்றே குறைந்தது, இரவில் விழிப்பது குறையவில்லை. தூக்கமின்மைக்கு வலேரியனைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஆதாரம் வலுவில்லை என்பதே அதன் காரணம்.

இடையில் ஒரு நண்பர் 'இயற்கைத் தூக்கக் கலவை' என்றொரு கேப்சூலைத் தந்தார். அட்டையில் வலேரியன், அமுக்கரா, சடாமாஞ்சில் என்று பெயர்கள் இருந்தன, எது எவ்வளவு என்ற அளவு இல்லை. சடாமாஞ்சில் வலேரியனுக்கு நெருங்கிய உறவுச் செடி. அளவு தெரியாத மூன்றை ஒன்றாக எடுத்தால் எது மந்தம் தந்தது என்று என் நோட்டாலும் சொல்ல முடியாது என்பதால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பதின்மூன்றாம் மாதம் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை நிச்சயமானது. படிவத்தில் இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் எழுதினேன். செவிலியர் பார்த்துவிட்டு, "ஐயா, நாட்டு மருந்து, மூலிகை ஏதாவது எடுத்துக்கறீங்களா?" என்று கேட்ட பிறகே வலேரியனைச் சேர்த்தேன். மயக்க மருந்தின் விளைவை அது கூட்டக்கூடும் என்று மயக்கவியல் மருத்துவர் இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். நிறுத்தி ஒரு மாதமாகிறது. தூக்கம் முன்பிருந்த அளவில்தான் இருக்கிறது. பாதி மீந்த புட்டியைப் பூனைக்கு எட்டாத அலமாரியில் வைத்திருக்கிறேன்.