படங்களை மட்டும் கேஷ் செய்வதா, முழுப் பக்கத்தையுமா?

உங்கள் விற்பனைத் தளத்தின் சர்வர் மும்பையில், வாங்குபவர் நியூயார்க்கில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தகவல் போய்த் திரும்பவே சுமார் 200 மில்லிசெகண்ட் ஆகும்.

பல ஊர்ச் சர்வர்களில் தளத்தின் நகலை வைத்துக் கொடுக்கும் சிடிஎன் போட்டதும் படம், சிஎஸ்எஸ் எல்லாம் வாடிக்கையாளருக்குப் பக்கத்து ஊரிலிருந்தே வந்துவிடும். ஆனால் கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன், ஹெச்டிஎம்எல் பக்கத்தைத் தானாகக் கேஷ் செய்யாது. பக்கம் ஒவ்வொரு முறையும் மும்பையிலிருந்துதான் வர வேண்டும். அது வரும்வரை திரை வெள்ளையாகவே இருக்கும். `curl -sI` கட்டளையில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். `cf-cache-status: DYNAMIC` என்று வந்தால் இந்தக் கதைதான்.

முழுப் பக்கத்தையும் கேஷ் செய்தால் அந்தக் காத்திருப்பு போய்விடும். கேஷ் விதியில் ஹெச்டிஎம்எல்லையும் சேர்த்து, பிரவுசர் கேஷ் நேரத்தைச் சர்வர் சொல்வதன்படியே விடும்படி அமைத்துவிட்டு, சர்வரிலிருந்து இப்படி அனுப்பலாம்:

```
Cache-Control: public, max-age=0, s-maxage=600
```

சிடிஎன் பத்து நிமிடம் வைத்திருக்கும். பிரவுசரோ ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்ளும். விலையை மாற்றினால் சிடிஎன்னில் உள்ள பழைய நகலைப் பர்ஜ் செய்து அழித்தால் போதும்.

சிக்கல் குக்கியில்தான். லாகின் செய்தவரின் பக்கம் கேஷில் ஏறிவிட்டால், அவர் பெயரும் கூடையும் அடுத்தவருக்குத் தெரியும். நாட்டுக்கு ஏற்ப விலை காட்டும் தளத்தில், ஜெர்மனிக்காரருக்கு டாலர் விலை போகக்கூடும். அதனால் கூடை, கணக்கு, பணம் கட்டும் பக்கங்களுக்கு `private, no-store` கட்டாயம்.

பொருள் விவரம், விசாரணைப் படிவம் மட்டுமே உள்ள ஏற்றுமதியாளர் தளமா? தயங்காமல் முழுப் பக்கமே. பெரிய கடை என்றால் படங்களில் தொடங்கி, அப்புறம் பொருள் பக்கங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன்.