அடைப்புக்குறியா, ஒரு ஸ்டேக்கா, இரண்டு ஸ்டேக்கா?

சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலை டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து போலிடெக்னிக்குக்குப் போகும் பிள்ளைகள். பயிற்சித் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடுவார்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது ஒரே வகைக் கேள்விதான்: குறி எண்களுக்கு நடுவில் நிற்கும் இன்ஃபிக்ஸ் கோவையை, குறி எண்களுக்குப் பின்னால் நிற்கும் போஸ்ட்ஃபிக்ஸாக மாற்றி, கடைசியில் போட்டதை முதலில் எடுக்கும் ஸ்டேக்கை வைத்து மதிப்பைக் கண்டுபிடி. இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

```
20 - 2 ^ 3 ^ 2 / 64 - 3 * ( 1 + 2 )
```

படத்திலிருந்து இதை எடுத்து எழுதுவதே முதல் வேலை. `^` என்பது அடுக்குக் குறி. சில பழைய பாடநூல்களில் அதையே `↑` என்றோ `$` என்றோ அச்சிட்டிருப்பார்கள். எண்களுக்கும் குறிகளுக்கும் இடையில் இடைவெளி விட்டு எழுதுங்கள். இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸில் 20, 2, 3, 2 நான்கும் ஒட்டிக்கொண்டு 20232 ஆகிவிடும்.

முதல் வழி, முழுக்க அடைப்புக்குறி போடுவது. ஒவ்வொரு குறிக்கும் ஒரு ஜோடி போட வேண்டும். இங்கே ஏழு குறிகள், ஆகவே ஏழு ஜோடி:

```
((20 - ((2 ^ (3 ^ 2)) / 64)) - (3 * (1 + 2)))
```

அப்புறம் ஒவ்வொரு குறியையும் அதன் ஜோடியின் மூடும் அடைப்புக்குறி இருக்கும் இடத்துக்கு நகர்த்திவிட்டு, அடைப்புக்குறிகளை அழித்துவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் வந்துவிடும்:

```
20 2 3 2 ^ ^ 64 / - 3 1 2 + * -
```

எது எதோடு சேர்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதுதான் இந்த வழியின் பலம். `3 ^ 2` முதலில் சேர்ந்து, பிறகுதான் 2-இன் அடுக்காகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கோவை கொஞ்சம் நீண்டால் அடைப்புக்குறிகளை எண்ணுவதிலேயே கவனம் போய்விடும். தேர்வுத் தாளில் ஸ்டேக்கின் நிலையைக் காட்டச் சொன்னால் இந்த வழி பதிலாகாது. ஆகவே இதை நான் சரிபார்க்க மட்டுமே வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வழி, குறிகளுக்கு ஒரு ஸ்டேக். 1961-இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆல்கால் 60 மொழிக்காக எழுதிய முறை இது. ரயில் பெட்டிகளைக் கிளைத் தண்டவாளத்தில் ஒதுக்கி வரிசை மாற்றுவதைப் போல இருப்பதால் ஷண்டிங் யார்டு என்று பெயர். எண் வந்தால் நேராக வெளியே எழுத வேண்டும். குறி வந்தால் ஸ்டேக்கின் உச்சியைப் பார்க்க வேண்டும். உச்சியில் இருப்பதற்கு முன்னுரிமை அதிகம் என்றால் அதை எடுத்து வெளியே எழுதிவிட்டு, அடுத்த உச்சியைப் பார்க்க வேண்டும். சமம் என்றால் `+ - * /` நான்குக்கும் எடுக்க வேண்டும், `^`-க்கு எடுக்கக் கூடாது. உச்சியில் திறக்கும் அடைப்புக்குறி இருந்தால் அதோடு நிறுத்த வேண்டும். எடுப்பது முடிந்ததும் புதிய குறியை உள்ளே போடலாம். திறக்கும் அடைப்புக்குறி வந்தால் எதையும் எடுக்காமல் உள்ளே போட வேண்டும். மூடும் அடைப்புக்குறி வந்தால், திறக்கும் அடைப்புக்குறி வரை எல்லாவற்றையும் வெளியே எழுதிவிட்டு, அந்த ஜோடியை விட்டுவிட வேண்டும். கோவை முடிந்ததும் ஸ்டேக்கில் மிஞ்சியதை உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எழுத வேண்டும்.

நம் கணக்கில் மூன்று இடங்கள்தான் முக்கியம்:

```
வந்தது     ஸ்டேக்     வெளியே
2-வது ^    - ^ ^      20 2 3
/          - /        20 2 3 2 ^ ^
2-வது -    -          20 2 3 2 ^ ^ 64 / -
```

இரண்டாவது `^` வரும்போது உச்சியில் இருப்பதும் `^`. அதை எடுக்காமல் மேலே அடுக்குகிறோம். இரண்டாவது `-` வரும்போது `/` வெளியே போகிறது, பழைய `-`-உம் போகிறது. பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளில்தான். முடிவில் கிடைப்பது அதே போஸ்ட்ஃபிக்ஸ்.

இனி மதிப்பு காண்பது. எண் வந்தால் ஸ்டேக்கில் போடு. குறி வந்தால் இரண்டு எண்களை எடு. முதலில் வெளியே வருவது வலப்பக்க எண், அடுத்து வருவது இடப்பக்க எண். 3, 2 சேர்ந்து 9. 2-இன் அடுக்கு 9 என்றால் 512. அதை 64-ஆல் வகுத்தால் 8. 20-இல் 8 போனால் 12. அந்தப் பக்கம் 1 + 2 = 3, 3 × 3 = 9. 12 - 9 = 3. ஸ்டேக்கில் 3 மட்டும் மிஞ்சுகிறது.

மூன்றாவது வழியில் போஸ்ட்ஃபிக்ஸே எழுதுவதில்லை. எண்களுக்கு ஒரு ஸ்டேக், குறிகளுக்கு ஒரு ஸ்டேக். குறியை எடுக்க வேண்டிய நேரத்தில் வெளியே எழுதாமல், எண் ஸ்டேக்கிலிருந்து இரண்டை எடுத்து அங்கேயே கணக்கிட்டு விடையைத் திரும்பப் போடுகிறோம். விதி ஒன்றுதான், ஒரு சுற்று மிச்சம். நிரல் எழுதுகிறவர்களுக்கு இது நல்ல வழி. தாளில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. கேள்வியே போஸ்ட்ஃபிக்ஸைக் கேட்கிறது என்பது ஒரு காரணம். விடை தப்பானால் எந்த இடத்தில் தப்பியது என்று திரும்பிப் பார்க்க எதுவும் எழுதியிருக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இரண்டாவது வழியில் அந்தத் தடயம் இருக்கிறது. இந்தக் கோவையை நான் விரும்பி எடுத்ததே அதற்காகத்தான். ஒவ்வொரு தவறுக்கும் இதில் ஒரு தனி விடை வருகிறது. `^`-ஐயும் சமமானால் எடுத்துவிட்டால், போஸ்ட்ஃபிக்ஸ் `20 2 3 ^ 2 ^ 64 / -` என்று தொடங்கும், விடை 10 ஆகும். சமமான `-`-ஐ எடுக்காமல் விட்டால், கடைசியில் இரண்டு `-` ஒட்டி நிற்கும், விடை 21. போஸ்ட்ஃபிக்ஸ் சரியாக இருந்தும் விடை 28 என்றால், எடுத்த இரண்டு எண்களும் இடம் வலம் மாறியிருக்கின்றன.

"அக்கா, எக்செல்லில் போட்டா 10 வருதே?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் தட்டியதில் தவறில்லை. எக்செல் `^`-ஐ இடமிருந்து வலமாகச் சேர்க்கிறது, அதனால் `=2^3^2` அங்கே 64. பைத்தானில் `2**3**2` என்றால் 512. சி மொழியில் `^` அடுக்குக் குறியே கிடையாது, பிட்களை ஒப்பிடும் வேறு செயல், அங்கே `2^3^2` என்பது 3. பாடநூல் வழக்கப்படி வலமிருந்து சேர்ப்பதால், இந்தப் பயிற்சியைச் சரிபார்க்க எக்செல் உதவாது. அதில்தான் பார்க்க வேண்டும் என்றால் `2^(3^2)` என்று தட்டுங்கள்.

படத்தால் வரும் தவறுகளிலும் மூன்று வழிகளும் ஒரே மாதிரி இல்லை. `(` மங்கி 1 போலத் தெரிந்து `3 * 11 + 2 )` என்று எழுதிவிட்டால், ஸ்டேக் வழிகள் இரண்டும் `)` வந்ததும் ஜோடியைத் தேடி ஸ்டேக் காலியாகி நின்றுவிடும், தவறு உடனே தெரியும். முதல் வழியில் கை தன்னால் இன்னொரு அடைப்புக்குறியைச் சேர்த்துவிட வாய்ப்பு உண்டு. ஒரு குறியோ எண்ணோ விட்டுப்போனால் எண்ணிப் பார்த்தே பிடிக்கலாம்: எண்கள் எப்போதும் குறிகளைவிட ஒன்று கூடுதல், இங்கே எட்டும் ஏழும்.

இந்த எண்ணிக்கையிலும் தப்பிவிடும் ஒரு தவறு இருக்கிறது. `2 / 64` என்பதில் சாய்கோடு 1 ஆகிவிட்டால் அது 2164 என்ற ஒரே எண் ஆகும். எண்களில் ஒன்று, குறிகளில் ஒன்று குறைந்து, ஏழும் ஆறும் என்று கணக்கு நேராகவே நிற்கும், அடைப்புக்குறியும் பொருந்தும். மதிப்பு காணும்போதுதான் மாட்டும்: 3-இன் அடுக்கு 2164 என்று வந்து கால்குலேட்டர் பிழை காட்டும். அப்போது ஸ்டேக்கை விட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக்கி அந்த இடத்தைப் பாருங்கள்.