ஒரே மதகு, ஐம்பத்திரண்டு ஞாயிறு: ஓராண்டுப் படத்தொடர் அனுபவம்

கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக் குவித்த பழக்கத்திலிருந்து வெளியேறத்தான் சென்ற ஆண்டு தைப் பிறப்பன்று இந்தத் தொடரைத் தொடங்கினேன். அதற்கு முன் இரண்டு முயற்சிகள் பாதியில் நின்றிருந்தன. நாளுக்கொரு படம் என்ற திட்டம், என்ன எடுப்பது என்று இரவு பத்து மணிக்கு வீட்டுக்குள் தேடும் நிலைக்கு மாசிக்குள் வந்துவிட்டது. பழைய வீட்டுக் கதவுகள் என்ற திட்டம், எங்கள் தெருக்களில் கதவுகள் தீர்ந்ததும் தானே முடிந்தது. நான் தேடிப் போகவேண்டிய பொருள் ஓராண்டுக்குத் தாங்காது, தானாக மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றின் முன் நான் போய் நின்றால் போதும் என்று அப்போது புரிந்தது. எங்கள் ஊர்க் கண்மாய் அப்படிப்பட்டது. நிறையும், வற்றும், உள்வாயில் ஆடு மேயும், மறுபடி நிறையும்.

விதிகள் மூன்றுதான். ஞாயிறுதோறும் மதகின் மேல்படியில் ஒரே இடத்தில் நிற்பது. லென்ஸை 35 மி.மீ.யிலேயே வைப்பது. எதிர்க்கரை ஒற்றைப் பனையைத் திரையின் இடது கட்டக்கோட்டிலும், கரையின் விளிம்பை மேல் கட்டக்கோட்டிலும் பொருத்துவது. முக்காலியின் மூன்று கால்களும் நின்ற இடத்தைக் கல்லில் சிவப்பு வண்ணத்தால் குறித்தேன். முதல் படத்தை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் திரையோடு ஒப்பிட்டேன்.

இவ்வளவு செய்தும் முதல் எட்டு வாரப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தபோது பனை முன்னும் பின்னும் நகர்ந்தது. ஜூம் லென்ஸில் 35 என்ற எண்ணுக்கு நேரே வளையத்தைத் திருப்பினாலும் அது ஒவ்வொரு முறையும் அச்சாக அதே இடத்தில் நிற்பதில்லை. அதன்பின் வளையத்தின் மேல் கறுப்பு நாடாவை ஒட்டிவிட்டேன், ஆட்டம் நின்றது. நிறமும் அப்படித்தான். கேமராவே நிறத்தைச் சரிசெய்துகொள்ளும் தானியங்கி வெண்சமநிலையில் ஒரு வாரம் நீலமாகவும் மறுவாரம் மஞ்சளாகவும் தண்ணீர் தெரிந்தது. வெயில் குறியில் நிலையாக வைத்த பிறகுதான் படத்தில் தெரிந்த மாற்றம் கண்மாயின் மாற்றமாக இருந்தது.

நேரம்தான் நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம். காலை ஆறே முக்கால் என்று கடிகாரத்தைப் பிடித்தது தவறு. மதுரைப் பக்கத்தில் வைகாசியில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும். தையில் ஆறரையைத் தாண்டும். ஒரே கடிகார நேரத்தில் எடுத்தால் ஒரு படத்தில் இளவெயில், இன்னொன்றில் சுள்ளென்ற வெயில். அதனால் சூரியன் உதித்து அரை மணி கழித்து என்று மாற்றிக்கொண்டேன். என் கேமரா பார்ப்பது வடகிழக்கு. ஆனி மாதத்தில் சூரியன் வடக்கே ஒதுங்கி உதிப்பதால் படத்தின் வலது ஓரத்தை உரசியது, லென்ஸுக்குள் ஒளி சிதறிப் படம் வெளுத்தது. அந்த வாரங்களில் ஒரு கையால் துண்டைப் பிடித்து லென்ஸுக்கு நிழல் கொடுத்துத்தான் எடுத்தேன். தொடங்கும்போதே திசையைப் பார்த்து, சூரியனுக்கு முதுகு காட்டும் இடத்தைத் தேர்ந்திருக்கலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பங்குனி முதல் ஆவணி வரை அலுப்பு. காய்ந்த வண்டலும் சீமைக்கருவேலமும் வாரம் மாறாமல் அப்படியே இருந்தன. கோணத்தை மாற்றிவிடக் கை பரபரத்தது. அதற்கு வடிகாலாக, விதிப்படி ஒரு படம் எடுத்த பிறகு விருப்பப்படி ஒரு படம் எடுத்து வேறு கோப்புறையில் போடலாம் என்று எனக்கே அனுமதி கொடுத்தேன். வெடித்த மண்ணின் இடுக்கில் நத்தை ஓடு, ஆட்டுக்காரரின் மூங்கில் தொரட்டி என அதில் சேர்ந்தவற்றில் சில நன்றாகவே வந்திருக்கின்றன.

நாற்பதாவது வாரம், ஐப்பசி மழைக்குப் பிறகு, பனையின் அடியில் விரல் அகல வெள்ளிக் கோடு தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டுக்காரர், "நாளைக்கே வாருங்கள் தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர் எங்கேயோ ஏறிவிடும்" என்றார். நான் விதியைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. அடுத்த ஞாயிறு பாதிக் கண்மாய் நிறைந்திருந்தது. தண்ணீர் ஏறிய அந்த ஆறு நாட்கள் என்னிடம் இல்லை. வாரம் ஒன்று என்பது அடிப்படையாக இருக்கட்டும். மாற்றம் வேகமெடுக்கும்போது தினமும் போகவேண்டும்.

காய்ச்சலில் இரண்டு வாரங்கள் விட்டுப்போயின. வேறு நாளில் எடுத்து அந்த இடத்தை நிரப்பவில்லை. அச்சிட்ட தாளில் இரண்டு வெற்றுக் கட்டங்களாகவே விட்டிருக்கிறேன். ஐம்பது படங்களையும் ஒரே தாளில் சிறிதாக அச்சிட்டுப் பார்த்தபோது, கோடையின் இருபதில் மூன்று போதும் என்று தெரிந்தது. கடைசியில் பதினான்கு படங்கள் நின்றன, அவற்றில் எட்டு ஐப்பசி, கார்த்திகையைச் சேர்ந்தவை. சென்ற மாதம் உள்வாய்க் கருவேல மரங்களை ஏலம் விட்டு வெட்டிவிட்டார்கள். பனை இன்னும் நிற்கிறது, கல்லில் சிவப்புக் குறியும் அழியவில்லை. இந்தத் தையிலிருந்து அதே இடத்தில் இரண்டாம் ஆண்டு.