டான்சில் காய்ச்சல்: பாக்டீரியாவா, வைரஸா?

தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ‘சீழ் வச்சிருக்கு, ஆன்டிபயாட்டிக் வேணும்’ என்று முடிவு கட்டுவது எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் வழக்கம். நான் மருந்துக்கடையில் நிற்பவன், தினமும் கேட்கிறேன். அந்த வெள்ளைப் புள்ளியை மட்டும் நம்பக்கூடாது. அடினோ வைரஸும் சுரப்பிக் காய்ச்சலைக் கொண்டுவரும் வைரஸும் அதே வெள்ளைப் படலத்தை உண்டாக்கும். தொண்டையைவிட, அதோடு கூட வருபவைதான் அதிகம் சொல்லும்.

தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு அடுத்தடுத்து வந்த இரண்டு காய்ச்சலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வயது ஏழு, எடை 20 கிலோ, முதலாம் ஆண்டு மாணவன்.

முதல் காய்ச்சல் திடீரென்று வந்தது. பள்ளி விட்டு வரும்போது நன்றாக இருந்தவனுக்கு இரவில் 39 டிகிரி. எச்சில் விழுங்க அழுதான், வயிற்றுவலி என்றான், ஒருமுறை வாந்தியும் எடுத்தான். இருமலும் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. தாடைக்குக் கீழே கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி, தொட்டால் கத்தினான்.

மூன்று வாரம் கழித்து வந்ததற்கு இரண்டு நாள் முன்பே சளி பிடித்துவிட்டது. பிறகு இருமல், கம்மிய குரல், சிவந்த கண். காய்ச்சல் 38-ஐக் கொஞ்சம்தான் தாண்டியது. தொண்டை சிவந்து வலித்தது, ஆனால் கஞ்சி குடித்தான்.

முதலாவது ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் போக்கு, இரண்டாவது வைரஸின் போக்கு. காய்ச்சல், இருமல் இல்லாமை, கழுத்தில் வலிக்கும் நெறி, வீங்கிய அல்லது வெள்ளை படிந்த டான்சில் என்ற நான்கையும் டாக்டர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். நான்கும் சேர்ந்திருந்தாலும் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்குத்தான் அது உண்மையில் ஸ்ட்ரெப். அதனால்தான் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சோதிக்கிறார்கள். இந்தப் பையனுக்கும் முதல் தடவை சோதனையில் கிருமி தெரிந்தது. முடிவு வர ஓரிரு நாள் ஆனாலும் பதற வேண்டாம். காய்ச்சல் தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலே இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம்.

மருந்தில்தான் சிக்கல். டாக்டர் எழுதியது அமாக்சிசிலின், நாளைக்கு 1000 மில்லிகிராம், பத்து நாள். 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது நாளைக்கு 20 மில்லி. காலை 10, இரவு 10. அப்படியானால் 60 மில்லி போத்தல் மூன்றே நாளில் காலி. போத்தலும் தீர்ந்தது, காய்ச்சலும் விட்டது என்று நிறுத்தும் வீடுகள் நிறைய. இந்த வீட்டில் மூன்று போத்தலுக்கும் மேல் கொடுத்தும், ஒன்றரை போத்தலோடு நிறுத்தியிருந்தார்கள்.

இரண்டாவது காய்ச்சலுக்குப் பாட்டி வந்தார். “தம்பி, மிச்ச மருந்து ஐஸ் பெட்டியில இருக்கு. அதையே குடுக்கவா?”

“வேணாம் பாட்டி. தண்ணி கலந்த சிரப் ஒன்னு ரெண்டு வாரத்துக்கு மேல தாங்காது. இது சளியோட வந்தது, அந்த மருந்து இதுக்குக் கேக்கவும் கேக்காது.”

வைரஸுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமோல், தண்ணீர், ஓய்வு. அவ்வளவுதான், பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். நம் ஊரில் டெங்கியும் தொண்டை வலியோடு தொடங்கலாம் என்பதால் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாவிட்டால் ரத்தம் பார்த்துவிடுங்கள்.

திரும்பத் திரும்ப வரும் பிள்ளைகளிடம் இன்னொரு குழப்பம் உண்டு. நல்ல நிலையில் உள்ள பள்ளிப் பிள்ளைகளிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவர் தொண்டையில் ஸ்ட்ரெப் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வைரஸ் சளி வரும்போதெல்லாம் சோதித்தால், ஒவ்வொரு முறையும் ‘இருக்கு’ என்றே வரும். ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் வீணாகப் போகும். சளியும் இருமலும் தெளிவாக இருக்கும்போது சோதனையே தேவையில்லை என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

டான்சிலை எடுத்துவிடலாமா என்ற கேள்விக்கும் எண்ணிக்கைதான் பதில். ஒரே ஆண்டில் ஏழு தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டு ஐந்தைந்து, அல்லது மூன்று ஆண்டு மும்மூன்று என்றால் அறுவையைப் பற்றிப் பேசலாம். ‘அடிக்கடி வருது’ என்பதை டாக்டர் எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. தேதி, காய்ச்சல் அளவு, இருமல் இருந்ததா, கழுத்தில் நெறி இருந்ததா, சோதனையில் என்ன வந்தது என்று ஒவ்வொரு தடவையும் காலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள்.

வாயைத் திறக்க முடியாமல், எச்சில் வழிந்து, குரல் அடைத்துப் போனால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். டான்சிலுக்குப் பின்னால் சீழ்க்கட்டி இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொண்டை ஆறி ஒன்றிரண்டு வாரத்தில் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனாலும், முகம் வீங்கினாலும் அப்படியே.