சம்பள ஆளா, மணிக்கணக்கு ஆளா? இரண்டுக்கும் 300 மணி நேரம்தான்

பொருள் விற்பவர் நட்டமில்லாமல் தப்பிக்க எத்தனை உருப்படி விற்க வேண்டும் என்று பார்ப்பார். வடிவமைப்பு, கணக்கு எழுதுதல், ஆலோசனை என்று நேரத்தை விற்பவர் எத்தனை மணி நேரத்துக்கு பில் போட வேண்டும் என்று பார்க்க வேண்டும். சூத்திரம் அதேதான்: மாதாந்திர நிலையான செலவை, ஒரு மணி நேரத்தில் கையில் மிஞ்சும் தொகையால் வகுக்க வேண்டும். ஆனால் விற்காத உருப்படி நாளைக்கும் அலமாரியில் இருக்கும். விற்காத மணி நேரம் அன்றைக்கே போய்விடும். அதனால் வேலை செய்பவருக்கு எப்படிப் பணம் கொடுக்கிறோம் என்பது இங்கே பெரிய விஷயம்.

ஒரு சின்ன நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். எந்த நாணயம் என்பது உங்கள் விருப்பம். வாடகை, மென்பொருள், முதலாளியின் சொந்தச் சம்பளம் (இதைப் பலர் மறந்துவிட்டு, லாபம் வருகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்) எல்லாம் சேர்த்து மாதம் 60,000. வாடிக்கையாளரிடம் வாங்குவது மணிக்கு 600.

முதல் வழி: 40,000 சம்பளத்தில் மூன்று பேர். நிலையான செலவு 1,80,000 ஆகிவிடும். மணிக்கு வரும் 600-ம் அப்படியே மிஞ்சும். வகுத்தால் 300 மணி நேரம்.

இரண்டாவது வழி: சம்பள ஆளே இல்லை, வேலை வரும்போது ஃப்ரீலான்சருக்கு மணிக்கு 400. நிலையான செலவு 60,000-தான், ஆனால் மணிக்கு மிஞ்சுவது 200. வகுத்தால் இதுவும் 300 மணி நேரம்.

விடை ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று விட்டுவிடத் தோன்றும். லாபமும் நட்டமும் இல்லாத இந்த 300 மணி நேரப் புள்ளிக்கு இரண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்று பாருங்கள்:

| பில் போட்ட மணி | சம்பள ஆள் | ஃப்ரீலான்சர் |
|---|---|---|
| 240 | 36,000 நட்டம் | 12,000 நட்டம் |
| 300 | 0 | 0 |
| 336 | 21,600 லாபம் | 7,200 லாபம் |

336 என்ற எண் சும்மா வந்ததில்லை. விடுப்பு போக ஒருவர் மாதம் 160 மணி நேரம் வேலையில் இருப்பார். கூட்டம், விலைப்புள்ளி தயாரிப்பது, திருத்தம், பயிற்சி எல்லாம் போக அதில் 70 சதவீதம், அதாவது 112 மணி நேரம்தான் பில்லில் ஏறும். மூன்று பேருக்கு 336. சம்பள வழியில் 300-ஐத் தொட்ட பிறகு சம்பாதிக்க 36 மணி நேரமே மிச்சம். 160-ஐ மூன்றால் பெருக்கி 480 மணி நேரம் கையில் இருக்கிறது என்று திட்டம் போடுபவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அப்படியானால் ஃப்ரீலான்சர்தான் பத்திரமா? மணி நேரம் குறைந்தால், ஆமாம். விலை குறைந்தால் கதையே வேறு. வாடிக்கையாளர் 10 சதவீதம் தள்ளுபடி கேட்டு, கைக்கு வருவது 540 ஆகிறது என்று வையுங்கள். சம்பள வழியின் புள்ளி 334-க்கு நகரும். 336 மணி நேரக் கொள்ளளவைக் கிட்டத்தட்ட முட்டினாலும் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஃப்ரீலான்சர் வழியில் மிஞ்சுவது 200-லிருந்து 140-ஆகச் சரிகிறது. புள்ளி 429-க்குத் தாவும். வாடிக்கையாளர் பார்வையில் பத்து சதவீதம், உங்கள் பங்கில் முப்பது சதவீதம். மொத்தத் தொகை பேசி எடுத்த வேலை இழுத்தடித்தாலும் இதே விளைவுதான். ‘தள்ளுபடி’ என்ற பெயர் மட்டும் இருக்காது. பேசிய தொகையை, உண்மையில் உழைத்த மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆக, சம்பள வழிக்கு எதிரி சும்மா இருக்கும் நேரம், ஃப்ரீலான்சர் வழிக்கு எதிரி விலைக்குறைப்பு. உங்கள் டைம்ஷீட்டில் எது அடிக்கடி தெரிகிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் கை போவது மூன்றாவது வழிக்கு: இரண்டு பேரைச் சம்பளத்தில் வைத்து, வழிந்து வரும் வேலையை மட்டும் வெளியே கொடுப்பது. நிலையான செலவு 1,40,000. இருவரின் 224 மணி நேரம் 1,34,400 கொண்டுவரும். மீதி 5,600-ஐ ஃப்ரீலான்சர் மணிக்கு 200 வீதம் 28 மணி நேரத்தில் அடைத்துவிடலாம். மொத்தம் 252 மணி நேரம், தனித்தனி வழிகள் இரண்டையும்விடக் குறைவு. எப்போதும் வருகிற வேலையை மலிவான நேரம் செய்கிறது, எப்போதாவது வருவதற்கு மட்டும் அதிகம் கொடுக்கிறோம். காரணம் அவ்வளவுதான்.

சம்பள ஆள் ஒருவர் தேறுகிறாரா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. 40,000-ஐ 400-ஆல் வகுத்தால் 100. அவர் மாதம் 100 மணி நேரத்துக்கு மேல் பில் போட்டால் ஃப்ரீலான்சரைவிட லாபம். இதில் 600 என்ற விலை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். விலையை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த 100 மாறாது. மூன்றாவது ஆளுக்கு மூன்று மாதமாக 80 மணி நேரம்தான் ஏறுகிறது என்றால், அந்த இடத்தை ஃப்ரீலான்சருக்கு மாற்றும் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, அவசரத்துக்குக் கூப்பிட்டால் அந்த ஃப்ரீலான்சர் கிடைக்க வேண்டும்.