ஏழு நாளும் ஓடச் சொன்ன சார்ட்டும், நைட் ஷிஃப்ட்டுக்கு இடம் வைத்த சார்ட்டும்

என் தம்பிக்கு 38 வயது. கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் காலை 6 மணி, அடுத்த வாரம் மதியம் 2 மணி, அதற்கடுத்த வாரம் இரவு 10 மணி என்று மாறிக்கொண்டே இருக்கும். உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. வீட்டுக்குப் பக்கத்து ஜிம்மில் சேர்ந்தபோது ஒரு வாரச் சார்ட் கொடுத்து, இதை நான்கு முறை செய்தால் மாதத்தில் 10 கிலோ குறையும் என்றார்கள். 13-ஆம் நாள், காலை ஊன்றி நடக்க முடியாமல் புதுச்சேரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். "எனக்கு மன உறுதி இல்லக்கா" என்றான். நான் 12 வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். சார்ட்டை வாங்கிப் பார்த்தேன். பிரச்சினை அவன் மன உறுதியில் இல்லை.

அந்தச் சார்ட்டையும், பிறகு நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

| | ஜிம் கொடுத்தது | நாங்கள் எழுதியது |
|---|---|---|
| இலக்கு | 30 நாளில் 10 கிலோ | மாதம் 2 கிலோ |
| உணவு | தினம் 1200 கலோரி, அரிசி கூடாது | தினம் 1700 முதல் 2000 வரை, அரிசி உண்டு |
| பயிற்சி | தினம் காலை 5 கி.மீ. ஓட்டம், மாலை ஒரு மணி நேரம் வெயிட் | வாரம் 3 நாள் வெயிட், 3 நாள் நடை |
| ஓய்வு | இல்லை | ஒரு முழு நாள் |
| ஒரு நாள் தவறினால் | மறுநாள் இரட்டிப்பு | தவறியது தவறியதுதான் |

முதலில் இலக்கு. இதற்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். ஒரு கிலோ கொழுப்பு கரைய, சாப்பிடுவதை விடச் சுமார் 7700 கலோரி அதிகமாகச் செலவாக வேண்டும். 10 கிலோவுக்கு 77,000. முப்பது நாளுக்குப் பிரித்தால் தினம் ஏறத்தாழ 2570 கலோரி பற்றாக்குறை. என் தம்பியின் உடல் சும்மா படுத்திருந்தாலே எவ்வளவு செலவழிக்கும் என்பதை எடை, உயரம், வயதை வைத்துக் கணக்கிட்டால் 1700 சொச்சம் வருகிறது. வேலைக்குப் போய் வருவதையும் சேர்த்தால் 2350. அதாவது அவன் மாதம் முழுக்கப் பச்சைத் தண்ணீரில் இருந்தாலும், உடற்பயிற்சி இல்லாமல் அந்த 2570 வராது.

சரி, உடற்பயிற்சியையும் சேர்ப்போம். அவன் எடைக்கு 5 கி.மீ. ஓட்டத்தில் 400 கலோரி அளவுக்குச் செலவாகும். வெயிட் போடுவதில் 250 முதல் 300. மொத்தச் செலவு 3050 என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். 1200 சாப்பிட்டால் பற்றாக்குறை 1850. முப்பது நாளும் அதற்கு மேல் ஒரு வாய் கூடச் சாப்பிடாமல், ஒரு நாள் கூடத் தவறாமல் செய்தால் 7 கிலோ. சார்ட் தன் கணக்கிலேயே தோற்கிறது. ஆனால் மாதக் கடைசியில் தராசில் ஏறி 10 வரவில்லை என்று பார்க்கும் ஆள், சார்ட்டைக் குறை சொல்வதில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். 1200 கலோரி சாப்பிட்டு அதில் 700 பயிற்சிக்கே போனால், இதயம், மூளை, ஈரல், தசை பழுதுபார்ப்பு எல்லாவற்றுக்கும் சாப்பாட்டிலிருந்து மிஞ்சுவது 500. மீதிக்கு உடல் கொழுப்பை மட்டும் எடுக்காது, தசையையும் சேர்த்தே எடுக்கும். நாள் முழுக்க ஆளை அறியாமலே அசைவையும் குறைத்துவிடும். படியேறும் இடத்தில் லிஃப்ட், நின்று செய்யும் வேலையை உட்கார்ந்து செய்வது என்று. தம்பி வீட்டில் சொன்னது: "பத்தாம் நாளிலிருந்து வேலை விட்டு வந்தா சோஃபாதான்."

முதல் வாரத்தில் அவனுக்கு 3 கிலோ குறைந்தது. இந்த இடத்தில் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். அரிசியை ஒரேயடியாக நிறுத்தினால் தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து காலியாகும். அது ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால், கூடவே அந்தத் தண்ணீரும் போய்விடும். தராசில் தெரிவது பெரும்பாலும் அதுதான். இரண்டாம் வாரத்தில் அரை கிலோதான் இறங்கியது. சார்ட்டை விட்டபின் நான்கு நாள் சோறு சாப்பிட்டதும் 2 கிலோ ஏறியது. அது கொழுப்பு இல்லை, திரும்பி வந்த தண்ணீர். அவன் அதை அவமானமாக எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்து ஓய்வு நாள். இதில்தான் உடம்பில் உண்மையான சேதம் நடந்தது. அவன் அதற்கு முன் ஓடியதே இல்லை. முதல் நாளே 5 கி.மீ., அதுவும் சில்வர் பீச்சின் சரிந்த மணலில் பாதி, தேவனாம்பட்டினம் சாலையில் பாதி. ஓடும்போது கெண்டைக்கால் தசையும் எலும்பும் வாங்கும் அடி, ஓடாத நேரத்தில்தான் சரியாகிறது. வெயிட் போட்ட தசைக்கு ஏறத்தாழ இரண்டு நாள் வேண்டும். தினமும் அதே இடத்தில் அடி விழுந்தால் பழுதுபார்க்க இடைவெளியே கிடைக்காது. எட்டாம் நாள் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே எலும்பின் உள்பக்கம் நீளவாக்கில் வலி. ஓடத் தொடங்கும்போது வலிக்கும், கொஞ்சம் சூடானதும் குறையும். சார்ட்டில் ஓய்வு என்ற சொல்லே இல்லாததால் இன்னும் ஐந்து நாள் அதன் மேலேயே ஓடினான்.

இந்த வலியில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். விரலால் அழுத்திக்கொண்டே வரும்போது ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் மிகைப் பயன்பாடு, ஓய்வில் அடங்கும். ஒரே ஒரு புள்ளியில் குத்தினால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். தம்பிக்குப் பரவலான வலிதான், பிழைத்தான். அவன் கை வாட்ச் இன்னொன்றையும் சொல்லியது. காலையில் எழுமுன் 66 இருக்கும் நாடித்துடிப்பு 10-ஆம் நாளிலிருந்து 76-க்குக் கீழே வரவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லாமல் சில நாள் தொடர்ந்து அப்படி இருந்தால் உடல் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவது, வளைந்து கொடுப்பது. ஒரு வாரச் சார்ட்டைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தேடுவது, ஒரு நாள் தவறினால் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்வதைத்தான். நல்ல நாளில் எந்தச் சார்ட்டும் ஓடும். தம்பியின் நைட் ஷிஃப்ட் வாரத்தை அந்தச் சார்ட்டின் மேல் வைத்துப் பாருங்கள். காலை 6 மணிக்கு வேலை முடியும், ஆனால் 5:30-க்கு ஓட வேண்டும். இரவு 8 மணிக்குப் பிறகு சாப்பிடக் கூடாது, ஆனால் 10 மணிக்குத்தான் வேலையே தொடங்குகிறது. விடிகாலை 2 மணிக்குப் பசி தாங்காமல் டீயும் நாலு பிஸ்கட்டும். சார்ட்டின்படி அது தப்பு, மறுநாள் ஓட்டம் 10 கி.மீ. அடுத்த நாளும் தப்பு. நடுவில் பண்ருட்டியில் மச்சினன் வீட்டு வளைகாப்பு வேறு. கடன் ஏறுவது போல ஏறி, 13-ஆம் நாள் அடைக்க முடியாத அளவுக்குப் போய்விட்டது.

ஜிம் சார்ட்டில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. முட்டை வெள்ளைக்கருவும் கோழியுமாகப் புரதம் ஓரளவு சரியாக வைத்திருந்தார்கள். யோசிக்க வேலையே இல்லை, தினமும் ஒரே சாப்பாடு என்பதும் சிலருக்கு நிம்மதி. எங்கள் சார்ட்டில் அந்த நிம்மதி குறைவு. தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, மெதுவாகவும் நகர்கிறது. சில வாரம் தராசு அசையவே இல்லை.

எங்கள் சார்ட்டில் கடிகார நேரமே கிடையாது. எல்லாம் தூக்கத்தை வைத்துத்தான். எழுந்தபின் முதல் சாப்பாடு, வேலைக்குக் கிளம்புமுன் பெரிய சாப்பாடு, வேலை நடுவில் சின்னது. நைட் ஷிஃப்ட்டில் அந்தச் சின்னது ஒரு கப் சுண்டலும் மோரும், டப்பாவில் கட்டிக்கொண்டு போவான். பெரிய சாப்பாட்டில் ஒன்றரைக் கப் சோறு, அதே அளவு காய், மீன். ஓல்டு டவுனில் மத்தியோ நெத்திலியோ எது மலிவோ அது. புரட்டாசி வந்தபோது மீனுக்குப் பதில் மீல் மேக்கரும் இன்னொரு கரண்டி பருப்பும். கலோரியை 1700 முதல் 2000 என்று அகலமாக வைத்ததற்குக் காரணம், கரண்டிக் கணக்கில் அதற்கு மேல் துல்லியம் வராது என்பதுதான்.

பயிற்சிக்கு ஒவ்வொரு நாளும் இரண்டு அளவு எழுதினோம். முழு அளவு 40 நிமிடம். குறைந்த அளவு வீட்டிலேயே 15 நிமிடம், தண்டாலும் பஸ்கியும் மட்டும். வெயிட் போடும் நாட்களுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி. ஓட்டத்தை எடுத்துவிட்டு, கால் வலி அடங்கிய பின் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நடை.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். முதல் வரைவில் நைட் ஷிஃப்ட் வாரத்திலும் மூன்று நாள் வெயிட் போட்டிருந்தேன். இரண்டு சுற்றிலும் அந்த மூன்றாவது நாள் நடக்கவில்லை. பகலில் ஐந்து மணி நேரம் தூங்கியவனிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது. அந்த வாரத்துக்கு இரண்டு என்று மாற்றினோம், அதன்பின் விடவில்லை.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த இரண்டு சார்ட்டில் எதையும் அப்படியே எடுக்கக் கூடாது. சாப்பாட்டைக் குறைத்து மருந்தை அப்படியே விட்டால் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம். மருத்துவர் மருந்தளவைப் பார்த்த பிறகுதான்.

பன்னிரண்டு வாரத்தில் கணக்குப்படி 6 கிலோ வந்திருக்க வேண்டும், 5 வந்தது. வளைகாப்பு மாதிரி நாட்களும் மழையில் நடை நின்ற வாரமும் அதில் அடக்கம். இப்போது 79 கிலோ. எடை குறைந்ததால் அவன் உடலின் ஒரு நாள் செலவும் 2350-லிருந்து 2275 அளவுக்கு இறங்கிவிட்டது, அதே சாப்பாட்டில் இனி இன்னும் மெதுவாகத்தான் குறையும். "சோத்தக் குறைக்கட்டுமாக்கா?" என்று போனில் கேட்டான். வேண்டாம் என்றேன். மதிய ஷிஃப்ட் வாரத்தில் மட்டும் இன்னொரு நடையைச் சேர்த்து, மாத இலக்கை ஒன்றரைக் கிலோவாக மாற்றி எழுதிக்கொள்ளச் சொன்னேன்.