கால் பங்கு வீடும் முத்திரை விழாத தடை மனுவும்

இம்முறை மதுரைக்கு வந்துபோன பயணத்தில் விமானம், ரயில், வங்கி ஆகியவை பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தன. எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது, ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒற்றைத் தாளுக்குப் பெறுகை முத்திரை வாங்க முயன்று வீணாய்ப்போன ஒரு முற்பகலைப் பற்றித்தான். அந்தத் தாளின் பின்னணியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வடக்கு மாசி வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஏறக்குறைய மூன்று சென்ட் மனையில் எங்கள் வீடு இருக்கிறது. அப்பா தம் சம்பாத்தியத்தில் வாங்கியது. அம்மா முன்னரே காலமாகிவிட்டார். அப்பா உயில் எழுதாமல் மறைந்தார். ஆகவே அக்கா, நான், தம்பி, தங்கை என நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு வந்தது. வீடு பிரிக்கப்படவில்லை. அக்கா குடும்பம் அங்கேயே வசிக்கிறது. தொழிலில் நெருக்கடியில் இருக்கும் தம்பி, தன் கால் பங்கை அடுத்த கட்டடத்துப் பாத்திரக்கடைக்காரருக்கு 24 லட்சத்துக்கு விற்கப் பேசி முடித்திருப்பதாக அக்கா தொலைபேசியில் சொன்னார். முழு வீடும் 1 கோடியே 20 லட்சம் பெறும் என்பது ஊரார் கணிப்பு. கால் பங்கு என்றால் 30 லட்சம் வர வேண்டும். ஆனால் பிரிபடாத பாகத்தை வாங்குபவர் வழக்கையும் சேர்த்து வாங்குகிறார் என்பதால், விலை குறைவது இயல்பே.

ஊரில் இறங்கியதும் தாய்மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை, பத்திர ஆபீஸ்ல ஒரு தடை மனு கொடுத்துட்டா முடிஞ்சது. யாரும் பதிய மாட்டாங்க." அந்தக் காலத்தில் இப்படித்தான் பல பத்திரங்கள் நின்றன என்று நான்கு உதாரணங்களும் சொன்னார். மறுத்துப் பேச முடியாத மனிதர் என்பதால், எங்கள் பங்கு நிலையை விவரித்து ஒரு மனு எழுதி, வாரிசுச் சான்றிதழின் நகலை இணைத்து, அவரோடு புறப்பட்டேன்.

அலுவலகத்தில் கணினித் திரை, வரிசை எண், கைரேகைக் கருவி, புகைப்படக் கருவி எல்லாம் வந்துவிட்டன. பத்திரம் பதிய வந்தவர்களுக்கு வேலை வேகமாகவே நடந்தது. ஆனால், பதிய வராமல் ஒரு தாளைக் கொடுக்க வந்தவனுக்கு அங்கே வரிசையும் இல்லை, எண்ணும் இல்லை. முதல் மேசை இரண்டாவது மேசையைக் காட்டியது. இரண்டாவது மேசை, தபால் பிரிவு ஊழியர் வரட்டும் என்றது. அவர் வந்ததும், அதிகாரி பார்த்தால்தான் வாங்குவேன் என்றார். அதிகாரியோ பதிவில் மும்முரமாக இருந்தார். இறுதியில் மனு ஒரு கோப்பின் அடியில் செருகப்பட்டது. நகலில் ஒரு முத்திரையும் தேதியும் போட்டுத் தாருங்கள் என்று கேட்டபோது, "கோர்ட் ஆர்டர் இருந்தா கொண்டு வாங்க சார், இதுக்கெல்லாம் சீல் போட முடியாது" என்ற பதில் கிடைத்தது.

நான் வாழும் இங்கிலாந்தில், ஒரு வீட்டின் பதிவேட்டைக் குறித்து யாராவது விண்ணப்பித்தால் நமக்கு மின்னஞ்சல் வரும்படி நில உரிமைப் பதிவுத் துறையிடம் கட்டணமின்றிப் பதிந்துவைக்கலாம். பத்து வீடுகள் வரை அனுமதி உண்டு. அந்தப் பழக்கத்தில் ஒரு முத்திரைக்காக எனக்கு வந்த கோபம் அளவு மீறியதுதான். ஆனால் முத்திரை மறுத்த ஊழியர் சொன்ன பதிலின் முதல் பாதி சரியானது என்பதை வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தரும், மறுநாள் நாங்கள் பார்த்த வழக்கறிஞரும் உறுதிப்படுத்தினார்கள். தம்பி தன் பங்கைத்தான் விற்கிறான். அதற்கு மற்றவர்களின் கையெழுத்து தேவையில்லை. உடன்பங்காளி ஒருவரின் ஆட்சேபணைக் கடிதம் மட்டுமே சார்பதிவாளரைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றத் தடை உத்தரவு இருந்தால் கதை வேறு.

அப்படியானால் மற்ற மூவரிடம் இருப்பது என்ன என்ற கேள்விக்கு வழக்கறிஞர் தந்த விளக்கம்தான் இந்தப் பயணத்தின் இனிய வியப்பு. அவர் விற்பனைக்கு முன், விற்பனைக்குப் பின் என்று விஷயத்தை இரண்டாகப் பிரித்தார்.

விற்பனைக்கு முன் எங்களுக்குத் துணை நிற்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. உயில் இல்லாமல் இறந்தவரின் அசையாச் சொத்து, மகன், மகள், மனைவி, தாய் முதலான முதல் வகுப்பு வாரிசுகள் இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ வந்திருந்து, அவர்களில் ஒருவர் தம் பங்கை விற்க முற்பட்டால், அதை வாங்க மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. விலையில் உடன்பாடு வராவிட்டால் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து விலையை நிர்ணயிக்கச் சொல்லலாம். நிர்ணயித்த பிறகு வாங்க மனமில்லை என்று பின்வாங்கினால் செலவுத் தொகை நம் தலையில் விழும். வாங்க முன்வரும் வாரிசுகள் ஒருவருக்கு மேல் இருந்தால், அதிக விலை தருபவருக்கே உரிமை. அப்பா உயில் எழுதியிருந்தால் இந்தப் பிரிவு எங்களுக்கு உதவியிருக்காது. இந்துச் சட்டம் பொருந்தாத குடும்பங்களுக்கும் உதவாது.

விற்பனை நடந்துவிட்டால் வேறு இரண்டு பிரிவுகள் பேசத் தொடங்குகின்றன. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, பிரிபடாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், அந்த வீட்டுக்குள் வந்து கூட்டாக அனுபவிக்கும் உரிமையைப் பெறுவதில்லை. பாத்திரக்கடைக்காரர் கிரயப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடி அறையில் அண்டா அடுக்க முடியாது. பாகப்பிரிவினை வழக்குப் போடுவதே அவருக்குள்ள வழி. அந்த வழக்கை அவர் போட்டதும், 1893ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு எங்களுக்குத் திறக்கிறது: குடும்பத்துப் பங்குதாரர் ஒருவர் அந்தப் பங்கை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று உறுதி கூறினால், நீதிமன்றம் அதை மதிப்பிட்டு அவருக்கே விற்கும்படி உத்தரவிட வேண்டும். இந்த இரண்டு பிரிவுகளும் இந்துக்களுக்கு மட்டும் உரியவை அல்ல.

மாமா இதைக் கேட்டு, பிறகு என்ன கவலை, விற்கட்டும் என்றார். வழக்கறிஞர் அங்கேதான் தடுத்தார். 4ஆம் பிரிவு, வாங்கியவர் வழக்குத் தொடுத்தால்தான் உயிர் பெறும். அவர் வழக்கே போடாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தால், நாங்களும் காத்திருக்க வேண்டியதுதான்; மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். மேலும், நல்லெண்ணத்தில் ஓர் அறையில் சரக்கு வைத்துக்கொள்ள அனுமதித்தாலோ, வீடு எப்போதோ வாய்மொழியாக நான்காகப் பிரிந்துவிட்டது என்று நம் வாயாலேயே எழுதிக் கொடுத்தாலோ, பிரிபடாத குடும்ப வீடு என்ற தகுதியே கேள்விக்கு உள்ளாகும். அக்காவும் தம்பியும் தனித்தனி மின் இணைப்பு வைத்திருந்தார்களா, யார் எந்த அறையை வைத்திருந்தார் என்றெல்லாம் அவர் துருவித் துருவிக் கேட்டதன் காரணம் இதுவே.

ஆகவே விற்பனைக்கு முன்பே நகர வேண்டும் என்று முடிவாயிற்று. நாங்கள் மூவரும் வாங்கத் தயார், விலை பேசலாம், உடன்படாவிட்டால் 22ஆம் பிரிவின்படி நீதிமன்றம் செல்வோம் என்று தம்பிக்கு வக்கீல் நோட்டீஸ் போயிற்று. அதன் நகல் பாத்திரக்கடைக்காரருக்கும் போயிற்று. எங்கள் உரிமை தமக்குத் தெரியாது என்று பின்னால் அவர் சொல்ல முடியாதபடி, ஒப்புகையோடு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்காத முத்திரை, தபால்காரரிடம் கிடைத்துவிட்டது என்று மாமாவிடம் சொன்னேன், அவர் ரசிக்கவில்லை.

தம்பிக்கு வருத்தம்தான். சொந்த ரத்தத்துக்கே நோட்டீஸா என்று கேட்டான். ஆனால் கடைக்காரர் வக்கீலைக் கலந்தபின் விலையை இன்னும் குறைத்துப் பேசியதால், அவனாகவே அக்கா வீட்டுக்கு வந்தான். பேச்சு 28 லட்சத்தில் நின்றது. இங்கே பத்திரத்தின் வகையும் கணக்கில் வந்தது. கிரயமாகப் பதிந்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 2 லட்சத்து 52 ஆயிரம் ஆகும். உடன்பிறந்தவர்களுக்குள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய். இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்த்தப்பட்டவை. எங்களுக்கு 28,000மும் 10,000மும் சேர்ந்து 38,000 ரூபாய் ஆயிற்று. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு தொகையைவிடக் கூடுதலாக இருந்தால் கணக்கு அதன்மேல் வரும் என்பதையும் பத்திர எழுத்தர் நினைவூட்டினார்.

பணம் முழுவதும் என்னுடையது என்பதால், பத்திரம் என் பெயருக்கு மட்டும் எழுதுவதாக இருந்தது. வரைவைப் படித்த அக்கா ஒரு கேள்வி கேட்டார். "அப்ப உன் பங்கு பாதியாயிருமே தம்பி. நாளைக்கு நீ வீட்டையே வித்துக் கொடுன்னு கேட்டா?" வழக்கறிஞர் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி, பாகப்பிரிவினை வழக்கில், பிரிக்க வசதிப்படாத சொத்தை விற்றுப் பணத்தைப் பகிரும்படி கேட்க, கேட்பவரின் பங்கு தனியாகவோ சேர்ந்தோ பாதியேனும் இருக்க வேண்டும். மூன்று சென்ட் வீட்டைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. ஆக, பாதிப் பங்கு வந்தால் அந்தக் கோரிக்கையை நான் ஒருவனாகவே வைக்க முடியும். மதிப்பீட்டு விலையில் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு 3ஆம் பிரிவில் அக்காவுக்கு உண்டு என்றாலும், அந்தப் பணத்துக்கு அவர் எங்கே போவார்?

வரைவு மாற்றப்பட்டது. தம்பி தன் பிரிபடாத கால் பங்கை எங்கள் மூவருக்கும் சமமாக விடுதலை செய்து கொடுத்தான். இப்போது ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அக்காவும் தங்கையும் எனக்குத் தர வேண்டிய தொகைக்குத் தனியாகக் கடன் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். பதிவு அதே அலுவலகத்தில்தான் நடந்தது. வரிசை எண் கையில் இருந்ததால் விரைவாகவே முடிந்தது. கோப்பின் அடியில் கிடக்கும் தடை மனுவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.